குளிர்வு வளைகோடு எங்கே முறிகிறது, எங்கே நிற்கிறது?

நாப்தலீனையும் பைபினைலையும் கலந்து உருக்கி, ஆறவிட்டு, நேரத்துக்கு எதிராக வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் சோதனையைத் தில்லியில் ஜனவரி மாதம் செய்தால் சிக்கலின்றி முடிந்துவிடும். அதே சோதனையை மே மாதப் பிற்பகலில், ஏசி இல்லாத ஆய்வகத்தில் செய்தால், கலவை முழுவதும் உறையும் நேரமே வராமல் போகலாம். இந்த இரு பொருள்களின் யூடெக்டிக் புள்ளி, அதாவது கலவையின் கடைசித் திரவமும் உறைந்து முடியும் தாழ்ந்த வெப்பநிலை, ஏறத்தாழ 39.4 டிகிரி செல்சியஸ். தில்லியின் கோடைப் பகலோ 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. தன்னைவிடச் சூடான காற்றில் வைத்த கலவை தன் வெப்பத்தை எங்கே இறக்கி வைக்கும்? குளிர்வு வளைகோடு பொருளின் இயல்பை மட்டும் காட்டுவதில்லை, பொருளிலிருந்து சுற்றுப்புறத்துக்கு வெப்பம் வெளியேறும் கணக்கையும் சேர்த்தே காட்டுகிறது என்பதை அறிக்கை எழுதும் மாணவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பொருள்களைப் பார்ப்போம். நாப்தலீன் என்பது குளிர்காலம் முடிந்து கம்பளி உடைகளைப் பெட்டியில் அடுக்கும்போது இடையில் போடும் பாச்சை உருண்டைதான். தூய நிலையில் 80.2 டிகிரியில் உருகும். பைபினைல் 69.2 டிகிரியில் உருகும். உருகிய நிலையில் இரண்டும் எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று கலக்கும். உறையும்போது ஒன்றின் படிகத்தில் மற்றொன்று இடம் பிடிப்பதில்லை. இரண்டும் தனித்தனிப் படிகங்களாகவே பிரியும். எளிய யூடெக்டிக் அமைப்புக்கு வேண்டிய நிபந்தனை இதுவே. கடைப் பாச்சை உருண்டையை அப்படியே எடுத்து ஆய்வகத்தில் பயன்படுத்தலாகாது. சில உருண்டைகளில் நாப்தலீனுக்குப் பதிலாகப் பாரா-டைகுளோரோபென்சீன் இருக்கும்; தூய மாதிரியின் வளைகோடு 80-இல் நிற்காமல் 53 டிகிரி அருகில் நின்றால் அதைக் கண்டுகொள்ளலாம்.

இனி ஒரே ஒரு கலவையை எடுத்து, அதன் குளிர்வைப் படிப்படியாகத் தொடர்வோம். 6.6 கிராம் நாப்தலீன், 3.4 கிராம் பைபினைல். மோல் கணக்கில் நாப்தலீனின் பின்னம் 0.70. இதைக் கொதிகுழாயில் இட்டு, சுடுநீர்த் தொட்டியில் 90 டிகிரி வரை சூடாக்கி முழுவதும் உருக்க வேண்டும். நாப்தலீன் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் நேரடிச் சுடரைத் தவிர்க்க வேண்டும். பின்னர் குழாயை அதைவிடப் பெரிய வெற்றுக் குழாய்க்குள் தொங்கவிட்டால், இடையிலுள்ள காற்று உறையாகி வெப்பம் மெதுவாகவும் சீராகவும் வெளியேறும். கம்பி வளையத்தால் கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும்.

முதலில் கோடு வழவழப்பாகச் சரிகிறது. திரவம் மட்டுமே இருப்பதால், ஒரு டிகிரி இறங்க இந்தப் பத்து கிராம் கலவை சுமார் 17 ஜூல் வெப்பத்தை வெளியேற்றினால் போதும். குழாயின் கண்ணாடிக்கான பங்கை இங்கே சேர்க்கவில்லை. வெப்பநிலை 62 டிகிரியைத் தொடும்போது முதல் நாப்தலீன் படிகம் பிறக்கிறது. தூய நாப்தலீன் உறையும் வெப்பநிலையைவிட இது 18 டிகிரி குறைவு. கரைசல் இலட்சியத் தன்மை உடையது என்று கொண்டால், இந்த இறக்கத்தைக் கீழ்க்காணும் சமன்பாடு தருகிறது:

ln x = −(ΔH/R)(1/T − 1/T₀)

இதில் x என்பது திரவத்தில் நாப்தலீனின் மோல் பின்னம், ΔH அதன் உருகல் வெப்பம் (மோலுக்கு 19.0 கிலோஜூல்), T₀ அதன் தூய உருகுநிலை, T கலவையில் அது உறையத் தொடங்கும் வெப்பநிலை, R வாயு மாறிலி. x = 0.70 என்று இட்டால் T ஏறத்தாழ 335 கெல்வின், அதாவது 62 டிகிரி செல்சியஸ்.

அந்தக் கணத்தில் கோடு சட்டென முறிகிறது. இறக்கம் நிற்கவில்லை, மந்தமாகிறது. இந்த இடத்தை விளக்கும்போது பல அறிக்கைகள் ‘உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் எண்களை இட்டுப் பார்த்தால்தான் முறிவின் வடிவம் புரியும். 62 டிகிரிக்குச் சற்றுக் கீழே, வெப்பநிலை ஒரு டிகிரி இறங்க வேண்டுமானால் ஏறத்தாழ 0.45 கிராம் நாப்தலீன் படிகமாக வேண்டும். அது சுமார் 66 ஜூலை வெளியிடும். முன்பு 17 ஜூல் வெளியேறினால் போதுமாயிருந்த ஒரு டிகிரிக்கு இப்போது 83 ஜூல் வெளியேற வேண்டியிருப்பதால், வெப்பம் வெளியேறும் வேகம் மாறாத நிலையில், கோட்டின் சரிவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதற்குப் பிறகு இந்தச் சுமை மெல்லக் குறைகிறது: 50 டிகிரி அருகில் ஒரு டிகிரிக்கு 41 ஜூல் போதும். ஆகவே முறிவை ஒட்டிய பகுதிதான் மிகத் தட்டையாக இருக்க வேண்டும். மாணவர் வரைந்த கோட்டில் இந்தத் தட்டைத்தன்மை தெரியவில்லை என்றால், கலக்குவதில் குறை இருந்திருக்கலாம் என்று நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஏன் இங்கே இறக்கம் முற்றிலும் நிற்கவில்லை என்பதற்கு விடை திரவத்தின் சேர்மானத்தில் இருக்கிறது. நாப்தலீன் மட்டும் படிகமாகிப் பிரிந்துபோவதால் எஞ்சிய திரவத்தில் பைபினைலின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. அதன் உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகிறது. அழுத்தம் மாறாத நிலையில் நிலைமை விதி F = C − P + 1 என்று அமைகிறது. C கூறுகளின் எண்ணிக்கை, P நிலைமைகளின் எண்ணிக்கை, F சுதந்திரமாக மாறக்கூடிய அளவுகளின் எண்ணிக்கை. கூறுகள் இரண்டு, நிலைமைகள் இரண்டு (திரவமும் நாப்தலீன் படிகமும்), எனவே F = 1. வெப்பநிலை நகர இன்னும் இடமிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் திரவத்தின் சேர்மானம் ஒன்றே ஒன்றுதான்.

ஒவ்வொரு நிலைமையிலும் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று கணக்கிட உதவும் நெம்புகோல் விதியைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட, பைபினைல் எங்கே இருக்கிறது என்று கேட்பது எளிது. யூடெக்டிக் வெப்பநிலை வரை அதில் ஒரு துளியும் உறையவில்லை, 3.4 கிராமும் திரவத்திலேயே இருக்கிறது. 50 டிகிரியில் சமநிலைத் திரவத்தின் நாப்தலீன் பின்னம் 0.546. அவ்வளவு பைபினைலோடு அந்த விகிதத்தில் இருக்க 3.4 கிராம் நாப்தலீன்தான் தேவை. ஆகவே மீதி 3.2 கிராம் படிகமாகியிருக்கிறது. யூடெக்டிக் சேர்மானத்தில் நாப்தலீனின் பின்னம் சுமார் 0.44, அதை எட்டும்போது திரவத்தில் 2.26 கிராம் நாப்தலீன் மட்டுமே மிஞ்சும். பத்து கிராம் கலவையில் 5.66 கிராம் இன்னும் திரவம்.

இப்போது பைபினைலும் உறையத் தொடங்குகிறது. நிலைமைகள் மூன்று, F = 0. வெப்பநிலையும் திரவத்தின் சேர்மானமும் கட்டுண்டு நிற்க, கோடு கிடையாக ஓடுகிறது. மிச்சமுள்ள 5.66 கிராம் திரவமும் உறைந்து, அதன் 744 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளியேறி முடியும்வரை இந்த நிறுத்தம் நீடிக்கும். தூயபொருளின் நிறுத்தமும் இதே தோற்றமுடையது என்பதால் யூடெக்டிக்கை ஒரு சேர்மம் என்று கருதிய காலமும் உண்டு. உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து உறையும் கலவைகளை ஃபிரடெரிக் குத்ரி தொடக்கத்தில் அப்படியே எண்ணினார்; பின்னர் 1884-இல் இத்தகைய தாழ்உருகு கலவைகளைப் பொதுவான ஒரு வகையாகத் தொகுத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு வகைப் படிகங்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது தெரியும். அழுத்தத்தை மாற்றினால் யூடெக்டிக் சேர்மானமே நகர்ந்துவிடும். ஒரு சேர்மத்தின் சேர்மானம் அப்படி நகராது.

நிறுத்தத்தின் நீளம் வீணான தகவல் அன்று. ஒரே எடையுள்ள பல கலவைகளை ஒரே சூழலில் குளிரவைத்து, எடைச் சதவீதத்துக்கு எதிராக நிறுத்த நேரத்தை வரைந்தால், தூய பொருள்களில் சுழியத்தில் தொடங்கும் இரண்டு நேர்க்கோடுகள் யூடெக்டிக் சேர்மானத்தில் உச்சியில் சந்திக்கும். குஸ்தாவ் தம்மான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோகக் கலவைகளுக்கு இம்முறையைக் கையாண்டார். யூடெக்டிக் சேர்மானத்தில் சரியாக ஒரு கலவையைத் தயாரிக்கும் அதிர்ஷ்டம் தேவையில்லை என்பது இதன் வசதி. ‘ஒரே சூழல்’ என்ற நிபந்தனைதான் தில்லியில் கடினம். அறை 15 டிகிரியில் இருக்கும்போது யூடெக்டிக்குக்கும் அறைக்கும் இடையிலான வேறுபாடு 24.4 டிகிரி, அறை 36 டிகிரியானால் அது 3.4 மட்டுமே. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கொண்டால், ஜனவரியில் பத்து நிமிடம் நின்ற கோடு இங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். பாதிக் கலவைகளைக் காலையிலும் மீதியைப் பிற்பகலிலும் குளிரவைத்தால் முக்கோணம் கோணலாகிவிடும். வெளிக்குழாயை 20 டிகிரி அளவில் நிலையாக வைத்த நீர்த்தொட்டியில் இருத்துவதே நேர்மையான வழி. தொட்டியின் வெப்பநிலையை அறிக்கையிலும் குறிப்பிட வேண்டும்.

அளவீட்டைக் கெடுக்கும் மற்றொன்று மீக்குளிர்வு. முதல் படிகம் பிறக்கத் தாமதித்தால் கோடு உண்மையான முறிவிடத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, படிகமாதல் தொடங்கியதும் மேலே துள்ளி, பிறகு மறுபடி சரியும். தூய பொருளில் அந்தத் துள்ளல் உருகுநிலைக்கே திரும்பி அங்கே நிற்கும். எனவே பாதிப்பு சிறிது. கலவையில் அப்படியன்று: துள்ளலின்போதே கணிசமான நாப்தலீன் படிகமாகிவிடுவதால், எஞ்சிய திரவம் ஏற்கெனவே வேறு சேர்மானத்துக்குப் போயிருக்கும், துள்ளலின் உச்சி உண்மையான மதிப்பைவிடக் கீழேதான் இருக்கும். உச்சியை முறிவாகப் படிப்பவரின் நிலைமை வரைபடத்தில், பல கலவைகளின் முறிவு வெப்பநிலைகளை இணைக்கும் திரவக் கோடு நெடுகிலும் சில டிகிரி தாழ்ந்துபோகும். மந்தச் சரிவுப் பகுதியைப் பின்னோக்கி நீட்டி, அது தொடக்கத் திரவச் சரிவைச் சந்திக்கும் இடத்தை எடுக்க வேண்டும். நீட்டும்போது நேர்க்கோடாக அல்லாமல், முறிவை நெருங்க நெருங்கத் தட்டையாகும் வளைவாக நீட்ட வேண்டும் என்பதை மேலே கண்ட 83, 41 என்ற எண்களே சொல்கின்றன. எதிர்பார்க்கும் வெப்பநிலைக்கு அருகில் ஒரு துணுக்கு நாப்தலீன் படிகத்தைப் போட்டுக் கலக்கினால் பெரும்பாலும் மீக்குளிர்வே நேராது.

முடிவைக் கணக்கோடு ஒப்பிடும்போது ஒரு சிறு இடைவெளி தென்படும். இரண்டு பொருள்களுக்கும் மேற்கண்ட சமன்பாட்டை எழுதி (பைபினைலின் உருகல் வெப்பம் மோலுக்கு 18.6 கிலோஜூல்), இரு பின்னங்களின் கூட்டுத்தொகை 1 ஆகும் வெப்பநிலையைத் தேடினால் சுமார் 41 டிகிரி கிடைக்கும், அளந்த மதிப்போ 39.4. இதைச் சோதனைப் பிழை என்று எழுதிவிட வேண்டியதில்லை. ΔH எல்லா வெப்பநிலையிலும் மாறாது என்று சமன்பாடு கருதுகிறது. உண்மையில் திரவத்தின் வெப்ப ஏற்புத்திறன் திண்மத்தினுடையதைவிடக் கூடுதல் என்பதால், உருகுநிலைக்குக் கீழே போகப்போக உருகல் வெப்பம் குறைகிறது; அதனால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் கரைதிறன் கணக்கிட்டதைவிடச் சற்று மிகுகிறது; இரண்டு திரவக் கோடுகளும் சற்றுத் தாழ்ந்து, கணக்கிட்டதைவிடக் கீழே சந்திக்கின்றன. அளந்த புள்ளி 41-க்கு மேலே வந்தால் இந்தக் காரணம் பொருந்தாது. அப்போது வெப்பமானியைப் பனிநீரிலும் தூய நாப்தலீனிலும் சரிபார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.