பணம் என்று வரும் என்று தெரியாமல் விலை போடாதீர்கள்: டெண்டர் எடுத்த ஒரு பட்டறையின் கணக்கு

கும்பகோணத்தில் ஜி.எஸ்.டி. கணக்கும் டெண்டர் வேலையும் பார்த்துக்கொடுக்கிற அலுவலகம் என்னுடையது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துச் சிறு பட்டறைக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "சார், எவ்வளவு போட்டா நமக்கு விழும்?" நான் திருப்பிக் கேட்பது: "பணம் எட்டு மாசம் கழிச்சு வந்தா தாங்குவீங்களா?" இந்தக் கேள்வியை நான் கேட்க ஆரம்பித்ததே மன்னார்குடிப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரின் அனுபவத்துக்குப் பிறகுதான். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஓர் அரசுத் துறைக்கு 160 இரும்பு ராக்குகள் வேண்டும், மூன்று மாவட்டங்களில் ஒன்பது அலுவலகங்களில் இறக்கித் தரவேண்டும். அதுதான் டெண்டர். அந்தப் பட்டறைக்கார அண்ணன் ராக்கு செய்வதில் கெட்டிக்காரர், பள்ளிகளுக்கும் ரேஷன் கடைகளுக்கும் வருடக்கணக்காகச் செய்து கொடுத்தவர்.

தகுதியில் சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. நம் மாநிலத்தில் குறு, சிறு உற்பத்தியாளருக்கு அவர் தானே செய்யும் பொருளுக்கு டெண்டரோடு முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் குறு, சிறு நிறுவனம் என்பதற்கான பதிவாகிய உத்யம் சான்றிதழில் அண்ணனின் செயல்பாடு 'வணிகம்' என்று இருந்தது. பதிவு செய்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் பையன் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டிருந்தான். வியாபாரிகளும் உத்யமில் பதியலாம் என்று 2021-இல் அனுமதித்தார்கள், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் அது. அரசுக் கொள்முதலில் கிடைக்கும் சலுகைக்கும், பணம் தாமதமானால் கிடைக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் அதை நம்ப முடியாது. நல்லவேளை, கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. உற்பத்தி என்று திருத்திப் புதிய சான்றிதழ் எடுத்தோம். உங்களிடம் இருப்பதை இன்றே எடுத்து அந்த வரியைப் படித்துப் பாருங்கள். ஆர்டர் வந்தபிறகு பதிந்துகொண்டால் பின்னால் வழக்கில் 'ஒப்பந்த நாளில் நீங்கள் பதிவில் இல்லையே' என்ற வாதம் எழும். அதற்கு நீதிமன்றங்கள் செவிசாய்த்ததுண்டு.

மற்ற ஆவணங்கள் வழக்கமானவைதான்: பான், ஜி.எஸ்.டி. பதிவு, ஆடிட்டர் கொடுத்த விற்றுமுதல் சான்று, முன்பு சப்ளை செய்ததற்கான சான்று. கடைசியில் சொன்னதில்தான் பலர் வழுக்குகிறார்கள். சப்ளை ஆர்டரின் நகலை வைத்துவிட்டு 'அனுபவச் சான்று' என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் வாங்கியதற்குத்தான் அது சாட்சி. சரக்கு திருப்தியாக வந்து சேர்ந்தது என்று அந்த அலுவலகமே எழுதிக் கொடுக்கும் தாள்தான் அனுபவச் சான்று.

tntenders.gov.in தளத்தில் இரண்டு உறைகள். தொழில்நுட்ப உறையில் ஆவணங்கள், விலை உறையில் விலையை நிரப்பவேண்டிய `BoQ` என்ற எக்ஸல் கோப்பு. தளத்திலிருந்து இறக்கிய அதே கோப்பில், பெயர் மாற்றாமல், அனுமதித்த கட்டங்களில் மட்டும் நிரப்பி ஏற்றவேண்டும். விலை எங்கேயாவது தொழில்நுட்ப உறைக்குள் தலை காட்டினால் கதை முடிந்தது. வழக்கமான கொட்டேஷன் லெட்டரையும் சேர்த்து ஸ்கேன் பண்ணிப் போட்டு வெளியேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு `Freeze Bid Submission` அழுத்தாமல் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அதை அழுத்தி ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் டெண்டர் போட்டதாக அர்த்தம். தளத்தின் மேலே ஓடும் சர்வர் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் கைக்கடிகாரம் இல்லை.

சரி, விலைக்கு வருவோம். அண்ணனின் கணக்கில் ஒரு ராக்குக்கு இரும்பு, கூலி, பெயின்ட், லாரி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கம் 5,400 ரூபாய். ஜி.எஸ்.டி. இல்லாமல் 5,750 போட்டார். 160 ராக்குக்கு லாபம் 56,000. குறைந்த விலை அவருடையதுதான்; ஆர்டர் விழுந்தது, பட்டறையில் லட்டு கொடுத்தார்.

பில் இப்படி வந்தது. சரக்கின் மதிப்பு 9,20,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,65,600. மொத்தம் 10,85,600. இந்த ஜி.எஸ்.டி.தான் அரசு சப்ளையில் யாரும் முன்கூட்டி யோசிக்காத இடம். துறை உங்களுக்குப் பணம் தந்ததா என்று வரிச் சட்டம் கேட்காது. சரக்கு கிளம்பியதும் பில் போட்டாக வேண்டும். பில் போட்டால் மாதாந்திர ரிட்டர்ன் போடுகிறவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். இரும்புக் கடையில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவும் உங்கள் பையிலிருந்து முன்பே போனதுதானே! எப்படிப் பார்த்தாலும் 1,65,600 வெளியே போய்விட்டது. அடக்கம் 8,64,000, ஆர்டருக்காகத் துறையிடம் கட்டிவைத்த காப்புத்தொகை 46,000. மொத்தம் பத்தே முக்கால் லட்சம் பூட்டிக்கிடக்கிறது.

அண்ணனுக்கு வங்கியில் ஓ.டி. வட்டி 12 சதவீதம். அதாவது மாதத்துக்கு ஒரு சதவீதம், சுமார் 10,750 ரூபாய். 56,000 ரூபாய் லாபத்தை இதால் வகுத்துப் பாருங்கள். ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். அதற்குள் பணம் வந்தால் லாபம், தாண்டினால் கைக்காசு. டெண்டர் ஆவணத்தில் 5,750 என்று எழுதிய நாளிலேயே இது முடிவாகிவிட்டது, அவருக்குத்தான் தெரியவில்லை.

பணம் வந்தது எட்டு மாதம் கழித்து. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, சரக்கில் குறையும் இல்லை. நடந்தது இதுதான்.

கடைசி லோடு நவம்பர் 12-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் போனது. நல்ல மழை. இறக்கும்போதே அலுவலகம் மூடும் நேரம். காவலாளி சலானில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தார். தேதி இல்லை, சீல் இல்லை. இன்னோர் அலுவலகத்திலும் இதே கதை. டிரைவர் தம்பி ஒன்பது சலானையும் கொண்டுவந்து கொடுக்க, பில்லோடு சேர்த்து அனுப்பிவிட்டார் அண்ணன். அரசு அலுவலகத்தில் பில் பாஸாக, பொருள் வந்து சேர்ந்தது, இருப்புப் பதிவேட்டில் இந்தப் பக்கத்தில் வரவு வைக்கப்பட்டது என்ற சான்று வேண்டும். இரண்டு இடத்தில் அது இல்லை. ஜனவரியில் அண்ணன் நேரில் போய்க் கேட்டபோது செக்‌ஷன் கிளார்க் சொன்னது: "பில்லு எங்கயும் போகலங்க, இங்கதான் இருக்கு." ஃபைலுக்குள் பென்சிலில் 'இரண்டு சலான் தேதியில்லை' என்று ஒரு குறிப்பு. அதை யாரும் அவருக்குக் கடிதமாக எழுதவில்லை.

சான்று வாங்கிக் கொடுக்க பிப்ரவரி முடிந்தது. மார்ச்சில் எல்லாத் துறை பில்லும் கருவூலத்தில் குவியும். மார்ச் 31-க்குள் பாஸாகாத பில்லுக்கு அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதி. புது ஆண்டில் புதிதாக ஒதுக்கீடு வந்தால்தான் மறுபடி நகரும். ஜூலை இரண்டாவது வாரம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது, அதிலும் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 18,400 ரூபாய் பிடித்துக்கொண்டு. ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம் பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. துறை ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் ஜி.எஸ்.டி. தளத்தில் நாம் ஏற்றுக்கொண்டால் நம் கேஷ் லெட்ஜருக்கு வரும். ஏற்றுக்கொள்ளாமல் வருடக்கணக்கில் விட்டுவைத்தவர்களும் இருக்கிறார்கள்.

எட்டு மாத வட்டி 86,000. லாபம் 56,000. முப்பதாயிரம் கைநஷ்டம், அலைச்சல் தனி.

தேதியும் சீலும் இல்லாத அந்தச் சலானில் இன்னொரு விஷயமும் தொலைந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது. இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். நவம்பர் 12 என்றால் டிசம்பர் 27-உடன் கெடு முடிகிறது. அதன்பின் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.5 என்று வைத்தால் வருடத்துக்கு 16.5 சதவீதம், அவருடைய ஓ.டி. வட்டியைவிட அதிகம். ஆனால் எல்லாக் கணக்கும் 'இறக்கிய நாள்' என்ற ஒற்றைத் தேதியில் தொடங்குகிறது. அந்தத் தேதிதான் சலானில் இல்லை.

இப்படி நிலுவையான பணத்தை வசூலிக்க அதே சட்டத்தின்கீழ் வசதி மன்றம் இருக்கிறது. நம் பகுதிக்குத் திருச்சியில். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அப்படி முடிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. தீர்ப்பு எதிராக வந்து துறை மேல்முறையீடு போகவேண்டுமென்றால் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும் என்பதுதான் இதில் உள்ள பல். இருந்தும் பலர் போவதில்லை. அதே துறையில் நாளைக்கும் டெண்டர் போடவேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அதனால் நான் சொல்வது நடுவழி: 46-ஆம் நாள் மரியாதையாக ஒரு கடிதம், சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, பில் எண், இறக்கிய தேதிகளோடு, பதிவுத் தபாலில். ஃபைலுக்குள் அப்படி ஒரு தாள் கிடந்தால் பென்சில் குறிப்பு பென்சில் குறிப்பாகவே இருந்துவிட முடியாது, யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

அண்ணன் இப்போது லாரியோடு ஒரு சின்ன அட்டை அனுப்புகிறார். அதில் டிரைவர் வாங்கிவரவேண்டியவை நான்கு வரியில்: பெயரும் பதவியும், தேதி, சீல், பதிவேட்டுப் பக்க எண். அதிகாரி இல்லையென்றால் லோடு இறக்காதே, எனக்குப் போன் பண்ணு. மறுநாள் வரை நிறுத்த லாரி வாடகை கூட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆனாலும் கொடுத்துவிடுகிறார்.

அடுத்த ராக்கு டெண்டரில் ஆறு மாத வட்டியை அடக்கத்திலேயே சேர்த்து 6,080 போட்டார். இரண்டாவதாக வந்தார். எடுத்தவர் போட்டது 5,700. "அவருக்கு என்ன கணக்கோ," என்று சிரித்துவிட்டு, பட்டறையில் ஒரு தனியார் பள்ளிக்கு பெஞ்சு வெல்டிங் பண்ணப் போய்விட்டார்.