ஒரு பைப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது?

ஒரு இஞ்ச் ஜிஐ பைப் என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் ஒரு இஞ்ச் என்ற அளவை எங்கே அளந்தாலும் சரியாகக் கிடைக்காது. ஒரு இஞ்ச் என்பது 25.4 மி.மீ. ஆனால் இந்தியத் தர நிர்ணயம் IS 1239 சொல்லும் 25 மி.மீ. பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ. மீடியம், அதாவது கடையில் பி கிளாஸ் என்று கேட்டால் தருகிற, நீலப் பட்டை போட்ட பைப்புக்குச் சுவர் தடிமன் 3.2 மி.மீ. இரண்டு பக்கமும் 3.2 கழித்தால் உள் விட்டம் 27.3 மி.மீ. ஏ கிளாஸ் (மஞ்சள் பட்டை) 2.6 மி.மீ. தடிமன், சி கிளாஸ் (சிவப்புப் பட்டை) 4 மி.மீ. தடிமன். மூன்றுக்கும் வெளி விட்டம் ஒன்றுதான், ஏனென்றால் மூன்றிலும் ஒரே மரை வெட்டி ஒரே எல்போவையும் சாக்கெட்டையும் மாட்ட வேண்டும். தடிமன் கூடும்போது சுவர் உள்பக்கமாகத்தான் வளரும், துளைதான் சுருங்கும். அதனால் வெளியிலிருந்து பார்த்து உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு சின்னதுதான். பைப் முழுக்க அடைத்த கம்பியாக இருந்தால் எவ்வளவு இரும்போ, அதிலிருந்து துளையின் அளவைக் கழித்துவிட வேண்டும். வெளி ஆரம் R, உள் ஆரம் r, நீளம் L என்றால்:

V = π(R² − r²)L

நம் பைப்புக்கு R = 16.85, r = 13.65. வர்க்கங்கள் 283.92, 186.32. கழித்தால் 97.6, அதை π-ஆல் பெருக்கினால் 306.6 சதுர மி.மீ. இதுதான் பைப்பைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற இரும்பு வளையத்தின் பரப்பு. இங்கே ஒரு வசதி இருக்கிறது: வெட்டுப் பரப்பு சதுர மி.மீ.யில் என்ன எண்ணோ, ஒரு மீட்டர் நீளத்துக்குக் கன செ.மீ.யில் அதே எண்தான் வரும். ஆக மீட்டருக்கு 306.6 கன செ.மீ. இரும்பு. கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்று பெருக்கினால் 2.41 கிலோ, ஆறு மீட்டர் பைப் ஒன்றுக்கு 14.4 கிலோ.

பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஆரங்களை முதலில் கழித்துவிட்டு அப்புறம் வர்க்கம் எடுப்பார்கள். (16.85 − 13.65) = 3.2, வர்க்கம் 10.24, π-ஆல் பெருக்கினால் 32.2. சரியான விடையில் பத்தில் ஒரு பங்குதான்! அப்படிக் கணக்கிட்டது 3.2 மி.மீ. ஆரமுள்ள ஒரு மெல்லிய கம்பியின் பரப்பை, பைப்பின் வளையத்தை அல்ல. வர்க்கம் முதலில், கழித்தல் அடுத்து. இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு.

சரி, இந்தச் சூத்திரத்தை இன்னொரு விதமாகவும் எழுதலாம், என் கணிப்பில் அந்த வடிவம்தான் அதிகம் பயன்படுவது. R² − r² என்பதை (R − r)(R + r) என்று பிரிக்கலாம் என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்போம். இதில் R − r என்பது சுவர் தடிமன். R + r-ஐ π-ஆல் பெருக்கினால் வருவது வெளிச் சுற்றளவுக்கும் உள் சுற்றளவுக்கும் நடுவே உள்ள சராசரிச் சுற்றளவு. நம் பைப்பில் வெளிச் சுற்றளவு 105.9 மி.மீ., உள் சுற்றளவு 85.8 மி.மீ., சராசரி 95.8 மி.மீ. அதை 3.2-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 306.6.

அதாவது பைப்பில் உள்ள இரும்பு, 95.8 மி.மீ. அகலமும் 3.2 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு தட்டைப் பட்டையில் உள்ள இரும்புக்குச் சமம். இது வெறும் கற்பனை இல்லை. கடைகளில் கிடைக்கிற இந்த வகைப் பைப்புகளில் பெரும்பாலானவை நிஜமாகவே பட்டையாக இருந்தவைதான். ஆலையில் இரும்புத் தகட்டுச் சுருளை நீளநீளப் பட்டைகளாகக் கிழித்து, வரிசையாக நிற்கும் உருளைகளுக்கு நடுவே ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, இரண்டு விளிம்புகளையும் மின்சாரத்தால் சூடேற்றி, அழுத்தி ஒட்ட வைக்கிறார்கள். ஈஆர்டபிள்யூ பைப் என்பது இதுதான். பட்டையை எவ்வளவு அகலத்துக்குக் கிழிப்பது என்ற கேள்விக்கு அங்கே அடிப்படை விடை இந்தச் சராசரிச் சுற்றளவுதான், ஒட்டும்போது பிதுங்கி வெளியேறும் இரும்புக்காகவும், உருளைகள் நெருக்குவதற்காகவும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள்.

வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் அமுங்குகிறது. அப்படியிருக்க சராசரியை எடுத்துப் பெருக்குவது தோராயக் கணக்குதானே என்று தோன்றலாம். இல்லை, தடிமன் எவ்வளவாக இருந்தாலும் இது மிகச் சரியான விடை. சுவரை மெல்லிய வளையங்களாகப் பிரித்து நினைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே ஒரு மி.மீ. தள்ளி இருக்கும் வளையம் நடு வளையத்தைவிட எவ்வளவு நீளமோ, உள்ளே ஒரு மி.மீ. தள்ளி இருப்பது அதே அளவுக்குக் குட்டை. சுற்றளவு ஆரத்தோடு நேர்விகிதத்தில் மாறுவதால் ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், மிச்சம் எதுவும் நிற்காது. அலெக்சாண்டிரியாவின் பாப்பஸ் 4-ஆம் நூற்றாண்டிலேயே இதைவிடப் பொதுவான ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறார், நம் பைப் அதில் ஒரு எளிய வகை.

இரும்பு வியாபாரத்தில் இருப்பவர்கள் கால்குலேட்டரில் தட்டும் 0.02466 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. வெளி விட்டத்திலிருந்து தடிமனைக் கழி, தடிமனால் பெருக்கு, 0.02466-ஆல் பெருக்கு, மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். (33.7 − 3.2) × 3.2 × 0.02466 = 2.41. அந்த எண்ணுக்குள் π-யும் இரும்பின் அடர்த்தி 7.85-உம் அலகு மாற்றமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அதை அலுமினியத்துக்கோ செம்புக்கோ அப்படியே போடக்கூடாது, அடர்த்தியை மாற்றிப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இனி அளப்பது, சிக்கலெல்லாம் இங்கேதான். ஒரு சாதாரண ஸ்கேலை வைத்து இந்தப் பைப்பின் வாயை அளந்தால் வெளி விட்டம் 34 என்றும் உள் விட்டம் 27 என்றும் முழு எண்ணாகத்தான் படிப்போம். இரண்டிலும் பிழை 0.3 மி.மீ.தான், கவலைப்படும் அளவே இல்லை போலத் தெரியும். ஆனால் கணக்கிட்டால் பரப்பு 335 சதுர மி.மீ. வருகிறது, உண்மையைவிட 9 சதவீதம் அதிகம். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண் ஒன்றை எடுக்கும்போது பெரிய எண்களின் சில்லறைப் பிழை முழுவதும் அந்தச் சின்ன எண்ணின் தலையில் விழுகிறது. ஆகவே ஆரங்களை அளந்து கழிக்காதீர்கள், தடிமனை வெர்னியரால் நேரடியாக அளங்கள். வெளி விட்டத்தில் 0.3 மி.மீ. தவறினால் விடை 1 சதவீதம்தான் மாறும், தடிமனில் அதே 0.3 தவறினால் 8 சதவீதத்துக்கு மேல் மாறும்.

தடிமனை அளக்கும்போதும் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுத்த விளிம்பில் பிசிறு நிற்கும், அதை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். அடுத்து, வெர்னியரின் உள்பக்கத் தாடை தட்டையானது, பைப்பின் உள்சுவர் குழிவானது. 3 மி.மீ. அகலத் தாடை இந்தக் குழிவில் இரண்டு ஓரங்களால் மட்டும் தொட்டு நிற்கும், நடுவில் ஏறத்தாழ 0.08 மி.மீ. இடைவெளி விழும், அந்த அளவுக்குத் தடிமன் கூடுதலாகக் காட்டும். தாடையின் மெலிந்த நுனியால் அளந்தால் இது பெரும்பாலும் போய்விடும்.

துளை சரியாக நடுவில் இல்லாவிட்டால்? தகட்டை ஒட்டாமல், சூடான உருளைக் கட்டியைத் துளைத்துச் செய்யும் சீம்லெஸ் பைப்பில் இது சகஜம், ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும். இரும்பின் அளவு அதனால் மாறவே மாறாது, பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்தைக் கழிக்கிறோம், சின்ன வட்டம் எங்கே உட்கார்ந்திருந்தால் என்ன. ஆனால் ஒரே இடத்தில் அளந்த தடிமனை நம்பினால் ஏமாந்துவிடுவோம், எதிரெதிராக நாலு இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்குவது வேறு விஷயம், அங்கே மெலிந்த பக்கம்தான் கணக்கு.

கணக்கு சரிதானா என்று தண்ணீரிலேயே சோதிக்கலாம். 10 செ.மீ. துண்டு ஒன்றை அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கி, துண்டை நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு எத்தனை கிராம் கூடக் காட்டுகிறதோ அத்தனை கன செ.மீ. இரும்பு. துளைக்குள் தண்ணீர் புகுந்துவிடுவதால் கழித்தல் வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. நம் பைப்புக்கு 30.7 கிராம் வர வேண்டும். உள்ளே காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கூடக் காட்டும், துண்டைச் சாய்த்து இறக்கினால் குமிழ் வெளியேறிவிடும்.

பைப்பை அறுக்க முடியாத இடத்தில் எடையிலிருந்து தடிமனுக்குப் பின்னோக்கி வரலாம். ஆறு மீட்டர் பைப் ஒன்று 13.2 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். மீட்டருக்கு 2.2 கிலோ, அதை 0.02466-ஆல் வகுத்தால் 89.2. இதை முதலில் 30.5-ஆல் வகுத்தால் 2.92 வருகிறது. 33.7-இலிருந்து அந்த 2.92-ஐக் கழித்து, கிடைக்கும் 30.78-ஆல் மறுபடி 89.2-ஐ வகுத்தால் 2.9 மி.மீ. இரண்டு சுற்றுப் போதும், மூன்றாவது சுற்றில் பெரிதாக மாறாது.

ஜிஐ பைப்பாக இருந்தால் துத்தநாகப் பூச்சையும் முதலில் கழிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 400 கிராம் பூச்சு என்று எடுத்துக்கொண்டால், உள்ளும் வெளியும் சேர்த்து மீட்டருக்கு 77 கிராம், ஆறு மீட்டருக்கு 0.46 கிலோ. அப்படியானால் அந்த 13.2 கிலோவில் இரும்பு 12.74 கிலோதான், தடிமன் 2.8 மி.மீ.க்கு இறங்கிவிடும். தரக்குறிப்பிலேயே கொஞ்சம் கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு என்பதால் ஒரே ஒரு பைப்பை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. கட்டு முழுவதையும் எடை போட்டுப் பாருங்கள், எல்லாமே குறைந்த பக்கமாகவே சாய்ந்து 2.8-ஐ ஒட்டியே நின்றால் பில்லில் எழுதியிருக்கிற 3.2-ஐப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கத்தான் வேண்டும்.