டொலரை ஒரு வருடத்துக்கு 300 ரூபாவில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதும் முன்

கந்தளாய், மூதூர் விவசாயிகளுக்குத் தண்ணீர் பம்ப் விற்கும் ஒருவர் ஒரு கடிதத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். திருகோணமலையில் சிறிய கடை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூரில் இருந்து 10,000 டொலருக்குச் சரக்கு எடுக்கிறார். அங்குள்ள விநியோகத்தருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்தது ஒன்றுதான்: "அடுத்த ஒரு வருடத்துக்கு டொலர் 300 ரூபா என்றே வைத்து எங்களுக்குக் கணக்குப் போட முடியுமா?"

"இப்படியே அனுப்ப வேண்டாம் அண்ணை" என்றேன்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அப்போது ஒரு விநியோகத்தர் 200க்கு வாக்குக் கொடுத்திருந்தால், 10,000 டொலர் சரக்குக்கு அவர் கையில் சேர்வது 5,500 டொலர் சொச்சம்தான். அவர் சரக்கு அனுப்புவதையே நிறுத்தியிருப்பார். விகிதம் அசையாத காலத்தில் மட்டும் நிற்கும் உடன்பாடு நமக்கு எதற்கு? இல்லையென்றால், அந்தப் பயத்தை முதலிலேயே பம்பின் விலையில் ஏற்றிவிடுவார்.

அதனால் இழப்பைப் பங்கிடக் கேட்டு எழுதினோம். கடிதத்தின் நடுப்பகுதி இது:

"அடிப்படை விகிதம் 300 ரூபா. 291க்கும் 309க்கும் இடையில் எது நடந்தாலும் அது எங்கள் பொறுப்பு. அதைத் தாண்டும் தொகையை இருவரும் பாதிப் பாதியாக ஏற்போம். ரூபா பலமடைந்தால் அதே கணக்கில் உங்களுக்குக் கூட்டித் தருவோம்."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டொலர் 330 ஆனால் எல்லைக்கு மேலே 21 ரூபா. அதில் பாதி, 10 ரூபா 50 சதம், விநியோகத்தருடையது. 10,000 டொலருக்கு அது 105,000 ரூபா, அதாவது 318 டொலர். அவர் 9,682 டொலருக்கு இன்வொய்ஸ் போடுவார். நம்மவருக்கு 33 இலட்சம் போக வேண்டிய இடத்தில் 31 இலட்சத்து 95 ஆயிரம் போகும். 270க்கு இறங்கினால் நாம் 389 டொலர் கூடக் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறைத்து எழுதினால் எந்த விநியோகத்தரும் கடிதத்தை நம்ப மாட்டார்.

சண்டை வருவது பெரும்பாலும் "எந்த விகிதம், எந்த நாள்" என்பதில்தான். பத்திரிகையில் வந்ததா, வங்கி சொன்னதா? நாம் பணம் அனுப்பும் வங்கியின் விற்பனை விகிதம், சரக்கு அனுப்பும் முன் புரோஃபோமா இன்வொய்ஸ் போடும் நாளில், என்று எழுதினோம். அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சரக்கு வந்தபின் கழிவு கொடுத்தால் சுங்கத்தில் காட்டிய தொகையும் வங்கி அனுப்பும் தொகையும் பொருந்தாது, விளக்கம் கேட்பார்கள். கழிவு முதலிலேயே இன்வொய்ஸில் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம்மவருக்கு 60 நாள் கடன். புரோஃபோமா நாளுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் டொலர் ஏறினால் அது முழுவதும் அவர் தலையில்தான். அந்த இடைவெளிக்கு மட்டும் வங்கியிடம் முன்கூட்டியே விகிதம் நிர்ணயிக்கும் ஒப்பந்தம் கேட்கச் சொன்னேன். வங்கி பிணை கேட்கலாம், ஆனால் 60 நாளுக்குக் கேட்பதும் ஒரு வருடத்துக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

கோயம்புத்தூரில் இருந்து பத்து நாளில் பதில் வந்தது. ஆறு மாதத்தில் அடிப்படை விகிதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள்.