கப்பல் வாடகையை எங்கே எழுதினீர்கள்?

கணக்கு முடிக்க வரும் இறக்குமதி வியாபாரிகளில் பலர் சொல்லும் வாசகம் இது: "ஃப்ரெய்ட்டும் டியூட்டியும் செலவுதானே சார், செலவுக் கணக்கில் போட்டாச்சு." சமீபத்தில் இதைச் சொன்னவர் சீனாவிலிருந்து ஒரு கன்டெய்னரில் பிளாஸ்டிக் கூடையும் கத்தரிக்கோலும் இறக்கியவர். கூடை நன்றாக ஓடுகிறது, அடுத்த கன்டெய்னரில் முழுக்கக் கூடைதான் என்றார். பில்களை வாங்கிப் பார்த்தேன். எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன்.

கூடை 4,000, ஒன்று 100 ரூபாய். கத்தரிக்கோல் 10,000, ஒன்று 60 ரூபாய். ஆகமொத்தம் சரக்கின் விலை 10 லட்சம். கப்பல் வாடகை 1,90,000, இன்சூரன்ஸ் 10,000. இரண்டுக்கும் சுங்கவரி 10% என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பொருளுக்கு என்ன விகிதம் என்பது பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும். 12 லட்சத்துக்கு வரி 1,20,000, அந்த வரியின் மேல் 10% சமூகநல சர்சார்ஜ் 12,000. துறைமுகக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட், குடோன் வரை லாரி எல்லாம் சேர்த்து 68,000. சரக்கு குடோனுக்குள் வந்து சேர்ந்தபோது ஆன தொகை 14 லட்சம்.

இந்த நான்கு லட்சம், ஆபீஸ் வாடகை மாதிரி மாதாமாதம் கரைந்துபோகும் செலவு அல்ல. அது பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது. பொருள் விற்றால்தான் அதுவும் செலவாகும். விற்காமல் குடோனில் கிடக்கும் வரை அது ஸ்டாக்கின் மதிப்பில்தான் இருக்க வேண்டும். கணக்குத் தர நிர்ணயம் ஏ.எஸ். 2 சொல்வதும் இதைத்தான்: கொள்முதல் விலை, திரும்பக் கிடைக்காத வரி, உள்வரும் சரக்குக் கட்டணம் எல்லாம் அடக்கவிலையில் சேரும். மொத்தத்தையும் செலவில் தள்ளினால் இந்த வருடம் லாபம் குறைந்து தெரியும். அடுத்த வருடம் மிச்சச் சரக்கு விற்கும்போது இல்லாத லாபம் தெரியும். வரி குறைகிறதே என்று சந்தோஷப்படுபவர்களுக்குச் சொல்கிறேன், அடுத்த வருடம் அது அப்படியே திரும்பி வரும். அதைவிட மோசம், கூடையின் அடக்கம் 100 ரூபாய் என்று நம்பி விலை வைப்பது. அவர் வைத்திருந்த விலை 155.

சரி, நான்கு லட்சத்தை எப்படிப் பிரிப்பது? மதிப்புப்படி பிரித்தால் எல்லாவற்றுக்கும் 40% ஏறும். கூடை 140, கத்தரிக்கோல் 84. கூடையில் 15 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் கன்டெய்னரில் எண்பது சதவீத இடத்தை அடைத்தது கூடை. கப்பல்காரர் வாங்கியது இடத்துக்கான காசு. ஆகவே வாடகை, துறைமுகக் கட்டணம், ஏஜென்ட், லாரி நான்கையும் இட அளவுப்படி பிரிக்க வேண்டும், இன்சூரன்ஸை மதிப்புப்படி, வரியைப் பில் ஆஃப் என்ட்ரியில் எந்தப் பொருளுக்கு எவ்வளவோ அப்படியே. இப்போது கூடை 165 ரூபாய் 80 காசு, கத்தரிக்கோல் 73 ரூபாய் 68 காசு. நன்றாக ஓடுகிறது என்ற கூடையில் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் 80 காசு நஷ்டம். அவர் கன்டெய்னர் நிறைய வாங்கவிருந்தது இதைத்தான்.

விற்பனை விலை அடக்கத்துக்குக் கீழே போய்விட்டதால் மார்ச் 31-ல் மிச்சம் உள்ள கூடைகளை 165.80-க்குக் காட்டவும் முடியாது. 155 ரூபாயிலிருந்து விற்பதற்கான செலவையும் கழித்துத்தான் காட்ட வேண்டும்.

டேலியில் கூடுதல் செலவைச் சரக்கோடு சேர்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது எண்ணிக்கைப்படியோ மதிப்புப்படியோதான் பிரிக்கும். ஒரே மாதிரிப் பொருள் என்றால் போதும். கலந்து வந்தால் பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள கன மீட்டர் கணக்கை எடுத்து நீங்களே பிரித்துப் போடுங்கள். பேக்கிங் லிஸ்ட்டை ஏஜென்ட்டிடமே விட்டுவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.

ஐ.ஜி.எஸ்.டி.யை அடக்கத்தில் சேர்க்கிறவர்கள் இன்னொரு ரகம். மேலே உள்ள சரக்குக்கு 18% என்றால் 2,39,760 கட்டியிருப்பார். அது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கிறது என்றால் அடக்கத்தில் வராது. காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் திரும்பாது, அப்போது மட்டும் சேருங்கள்.

பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள மதிப்பை அப்படியே கொள்முதலாக எழுதவும் கூடாது. அது வரி போடுவதற்கான மதிப்பு. சுங்கத் துறை அறிவித்த டாலர் விகிதத்தில் போட்டது. வாடகைக்குச் சான்று தராவிட்டால் சரக்கு விலையில் 20%, இன்சூரன்ஸுக்கு 1.125% என்று அவர்களாகவே ஏற்றிக்கொள்வார்கள். கற்பனைத் தொகை உங்கள் ஸ்டாக்கில் எதற்கு? நீங்கள் உண்மையில் கொடுத்ததை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், பேப்பர் சரியில்லாமல் துறைமுகத்தில் பெட்டி கிடந்து டெமரேஜ் கட்டினீர்களே, அதைப் பொருளின் தலையில் கட்டாதீர்கள். அது வழக்கமான செலவு அல்ல, உங்கள் தாமதத்தின் விலை. நஷ்டக் கணக்கில் போய்ச் சேரட்டும். ஏஜென்ட் ஒரே வரியில் பில் கொடுத்தால் வாங்காதீர்கள். டெமரேஜ் தனி, துறைமுகக் கட்டணம் தனி, லாரி தனி என்று பிரித்துக் கேளுங்கள். பெட்டியை எடுத்த அன்றே கேட்டால் தருவார்கள், ஜூலையில் நான் கேட்டால் தருவதில்லை.