ஃப்ராப்: வெளுத்தது மீள்வதில்லை

காட்பாடியில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் தங்கை மகள் கேட்டாள்: “மாமா, ஃப்ராப்புக்குத் தமிழ்ல ‘ஒளிவெளுப்புக்குப் பின் உடனொளிர்வு மீட்சி’ன்னு எழுதினா சரியா?”

ஃப்ளோரசன்ஸ் ரெகவரி ஆஃப்டர் ஃபோட்டோபிளீச்சிங் என்பதன் முதலெழுத்துகள்தான் ஃப்ராப். செல் சவ்வில் ஒளிரவைத்த புரதம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளக்கும் முறை அது; ஓரிடத்தை லேசரால் வெளுத்துவிட்டு, அங்கே ஒளி திரும்புவதைக் கவனிப்பார்கள். சொல்லுக்குச் சொல் அவள் எழுதியது சரி. ‘மீட்சி’தான் எனக்கு இடிக்கிறது.

முதல் சொல்லான ஃப்ளோரசன்ஸை 1852-இல் உண்டாக்கியவர் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ். புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தார். உலையில் போட்டால் தாதுவை இளக்கி ஓடவைக்கும் கல் அது; லத்தீனில் ‘பாய்தல்’ என்ற வேரிலிருந்து அந்தப் பெயர். புரதத்தின் ஓட்டத்தை அளக்கும் முறைக்கு இது பொருந்திப்போனது தற்செயல்தான்.

அடுத்தது வெளுப்பு. வேலூர் வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் கிடக்கும் குடியாத்தம் லுங்கிக்கு நடப்பதேதான். கடும் ஒளி சாய மூலக்கூறைச் சிதைத்துவிடும். வெளுத்த லுங்கி மறுபடி சிவக்குமா? சவ்வில் வெளுத்த புரதமும் அப்படித்தான், மறுபடி ஒளிராது. ஆனால் சவ்வு துணி இல்லை, எண்ணெய்போல் இளகியது. வெளுத்தவை விலகிப் போக, சுற்றியுள்ள வெளுக்காத புரதங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். கரும்புள்ளி நிறைவது அதனால்தான்.

ஒரு கணக்கு போடுவோம். செல் சவ்வில் 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தை லேசரால் நொடிப்பொழுதில் வெளுக்கிறோம். 100 ஆக இருந்த ஒளி 20-க்கு விழுந்து, மெல்ல ஏறி 76-இல் நிற்கிறது. இழந்தது 80, திரும்பியது 56. அதாவது 70 விழுக்காடு புரதம் நகர்கிறது, மீதி எதிலோ பிடிபட்டு நிற்கிறது. 56-இல் பாதி ஏற ஆன நேரம் t½ 2.2 வினாடி, வட்டத்தின் ஆரம் w என்றால், புரதம் தானாகப் பரவும் விரவலின் அளவு D:

`D = 0.224 × w² / t½ = 0.224 × 1 / 2.2 ≈ 0.1 µm²/s`

வட்டத்தின் ஆரத்தை இருமடங்காக்கினால் இந்த t½ நேரம் நான்கு மடங்காக வேண்டும். ஆகாவிட்டால் நாம் பார்ப்பது வெறும் விரவல் அல்ல. புரதம் எதிலோ ஒட்டி விடுபடுவதாகவோ, உள்ளிருந்து வந்து சேர்வதாகவோ இருக்கலாம். படம் எடுக்கும் ஒளியே செல் முழுவதையும் கொஞ்சம் வெளுக்கும். அதனால் வட்டத்துக்கு வெளியே ஒளி எவ்வளவு குறைந்தது என்றும் பார்த்துத் திருத்த வேண்டும்.

நிஜமான ‘மீட்சி’யும் உண்டு, அதுதான் தொல்லை. பச்சை ஒளிர்புரதத்தில் சில மூலக்கூறுகள் சிதையாமல், கொஞ்ச நேரம் அணைந்திருந்து தானே விழித்துக்கொள்ளும். ஒளியைக் காட்டும் வளைவரை ஏறும், எதுவும் நகர்ந்திருக்காது. ஃபார்மால்டிஹைடால் நன்றாக இறுக வைத்த செல்லில் அதே சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும். அங்கேயும் ஒளி ஏறினால் அந்தப் பங்கு விரவல் அல்ல.

அப்புறம் என்ன எழுதுவது? “வெளுத்தபின் ஒளிநிரம்பல்” என்றேன்.

“எக்ஸாம்ல மார்க் போடுவாங்களா மாமா?”

அடைப்புக்குறிக்குள் ஃப்ராப் என்றும் எழுதிவிடச் சொன்னேன்.