ஃபேஸ்: பழைய மானிட்டர் மெனுவில் இருக்கும் ஒரு சொல்

பழைய எல்சிடி மானிட்டரின் பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்தால், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் தாண்டி உள்ளே ஓரிடத்தில் `H-Position`, `V-Position`, `Clock`, `Phase` என்று நான்கு வரிகள் இருக்கும். முதல் இரண்டும் படத்தை நகர்த்துகின்றன என்று தொட்டதுமே தெரிந்துவிடும். மூன்றாவதைத் தொட்டால் படம் அகலமாகிறது அல்லது சுருங்குகிறது. நான்காவதைத் தொட்டால் எதுவும் நடக்காதது போல இருக்கும். ஆனால் எழுத்துகள் மங்கலாக, விளிம்பில் நடுக்கத்தோடு தெரிகிற மானிட்டரைச் சரிசெய்வது பெரும்பாலும் அந்த நான்காவதுதான். சில மானிட்டர்களில் இதன் பெயர் `Fine`. அப்போது `Clock` இருக்க வேண்டிய இடத்தில் `Coarse` இருக்கும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

ஃபேஸ் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஃபைனெய்ன்' என்றால் காட்டுதல், 'ஃபாசிஸ்' என்றால் தோற்றம். நிலவு வளர்ந்தும் தேய்ந்தும் காட்டும் தோற்றங்களுக்கு இந்தச் சொல் வழங்கியது. அங்கிருந்து, திரும்பத் திரும்ப நிகழும் ஒரு சுற்றில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் குறிக்கும் சொல்லாக இயற்பியலுக்குள் வந்தது. நம் வீடுகளில் 'சிங்கிள் ஃபேஸ்', 'த்ரீ ஃபேஸ்' என்று சொல்வதும் இதே சொல்தான். மூன்று மின்னோட்டங்கள் ஒரே சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித்தள்ளி ஓடுவதால் அந்தப் பெயர். அதைத் தமிழில் மும்முனை மின்சாரம் என்கிறோம். அந்த இடத்துக்கு அது பொருந்தினாலும், 'முனை' என்ற சொல்லில் சுற்றும் இல்லை, நேரமும் இல்லை என்பதால் மானிட்டருக்கு உதவாது.

மானிட்டரில் எந்தச் சுற்று, அதில் எந்த இடம் என்பதைப் பார்த்தால்தான் தமிழில் என்ன சொல்லலாம் என்பது தெளியும்.

இந்த மானிட்டர்களைக் கணினியோடு இணைக்கும் விஜிஏ 1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. அது குழாய் மானிட்டர்களின் காலம். அதனால் 15 ஊசி கொண்ட அந்தக் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக ஓடுகின்றன. அவற்றோடு இரண்டு சின்க் துடிப்புகள் வருகின்றன. ஒன்று 'புதிய வரி தொடங்குகிறது' என்கிறது, மற்றொன்று 'புதிய படம் தொடங்குகிறது' என்கிறது. அவ்வளவுதான். 'இதோ ஒரு பிக்சல், இதோ அடுத்தது' என்று சொல்லும் துடிப்பு அந்தக் கேபிளில் இல்லை. குழாய் மானிட்டருக்கு அது தேவைப்படவும் இல்லை. மின்னழுத்தம் ஏற ஏற எலெக்ட்ரான் கற்றை பிரகாசமாகும், இறங்கினால் மங்கும். அதற்குப் பிக்சல் என்ற கணக்கே கிடையாது.

எல்சிடி திரை அப்படியல்ல. அதில் 1280 பத்தி, 1024 வரி என்று புள்ளிகள் நிலையாக இருக்கின்றன. ஓடிவரும் மின்னழுத்தத்தை அளந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண்ணைக் கொடுத்தாக வேண்டும். எப்போது அளப்பது என்பதை மானிட்டர் தானே ஊகித்துக்கொள்கிறது.

1280×1024, 60 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான 17 அங்குல மானிட்டரை எடுத்துக்கொள்வோம். இதன் ஒவ்வொரு வரியும் நேரக் கணக்கில் 1688 பிக்சல் நீளம். அதில் 1280 மட்டுமே படம், மற்றதெல்லாம் வெற்றிடம். சின்க் துடிப்பு தொடங்கி 360 பிக்சல் நேரம் கழித்துத்தான் படத்தின் முதல் பத்தி வருகிறது. பிக்சல் ஒன்றுக்கு ஏறத்தாழ 9.26 நானோ நொடி. சின்க் துடிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 1688 ஆக வகுத்து, மானிட்டர் தன் பிக்சல் துடிப்பைத் தானே உண்டாக்குகிறது. அந்த 1688 என்ற எண்தான் மெனுவில் `Clock` என்ற பெயரில் வருகிறது. 360 என்பது `H-Position`.

360 வரை எண்ணி முடித்த பிறகும், அந்த 9.26 நானோ நொடிக்குள் எந்தக் கணத்தில் அளப்பது என்ற கேள்வி மீதம் இருக்கிறது. ஓடும் ரயிலின் ஜன்னல்களை வெளியே நின்று படமெடுப்பது போன்ற வேலை இது. ஜன்னலின் நடுப்பகுதி கடக்கும் கணத்தில் எடுத்தால் முகம் தெரியும். இரண்டு ஜன்னலுக்கு இடைப்பட்ட சட்டம் கடக்கும்போது எடுத்தால் பாதி இவர், பாதி அவர். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மின்னழுத்தம் ஏறச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த ஏற்றத்தின் நடுவே அளந்தால் கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஏதோ ஒரு சாம்பல் கிடைக்கும். துடிப்பில் இயல்பாகவே இருக்கும் சிறு தடுமாற்றத்தால் அந்தச் சாம்பலும் நொடிக்கு நொடி மாறும். எழுத்து விளிம்பு நடுங்குவது இதனால்தான்.

அளக்கும் கணத்தை முன்னும் பின்னும் தள்ளுவதே `Phase`. இதற்கென மானிட்டர்களில் பரவலாக இருந்த ஒரு வகை சில்லு, ஒரு பிக்சல் நேரத்தை 32 படிகளாகப் பிரித்துத் தள்ளும். நம் உதாரணத்தில் படி ஒன்று 0.3 நானோ நொடிகூட இல்லை. மெனுவில் சிலர் இதை 0 முதல் 100 வரை காட்டுவதுண்டு.

ஆகவே நிலையும் ஃபேஸும் இரண்டு வேறு சமாச்சாரங்கள் அல்ல. சின்க் துடிப்புக்கும் படத்துக்கும் இடையே உள்ள ஒரே இடைவெளியின் முழு எண் பகுதி நிலை, பின்னப் பகுதி ஃபேஸ். படம் 360.4 பிக்சல் தள்ளி வந்தால் 360ஐ `H-Position` கவனிக்கும், 0.4ஐ `Phase` கவனிக்கும். `Phase`ஐ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பாருங்கள். படம் மங்கி, தெளிந்து, கடைசியில் ஒரே ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். குழாய் மானிட்டர்களில் படத்தை இடவலமாக நகர்த்தும் அமைப்புக்கே `H-Phase` என்று பெயர் இருந்ததும் இதனால்தான். அங்கே பிக்சல் கணக்கு இல்லை என்பதால் முழு எண், பின்னம் என்ற பிரிவும் இல்லை.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வரலாம். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் ஃபேஸைக் 'கட்டம்' என்கின்றன. 'கட்ட வேறுபாடு' என்று படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இலங்கைப் பாடநூல்களில் அது 'அவத்தை'. இரண்டும் தத்தம் இடத்தில் ஊன்றிய சொற்கள். ஆனால் திரையைப் பற்றிப் பேசும்போது 'கட்டம்' தடுமாற வைக்கிறது. கட்டம் என்றால் சதுரம். திரையில் இருக்கும் பிக்சலே ஒரு கட்டம்தான். 'கட்டத்தைச் சரிசெய்யவும்' என்று மெனுவில் எழுதியிருந்தால் யாருக்கும் நேரம் நினைவுக்கு வராது. 'அவத்தை' இலங்கையில் புரியும், இங்கே அவதி என்று காதில் விழும். இந்த இடத்துக்கு என் தேர்வு 'தறுவாய்'. ஒன்று நிகழும் சரியான வேளை என்பது அதன் பொருள். 'கிளம்பும் தறுவாயில்' என்று இன்றும் பேசுகிறோம். `Phase` என்பதை 'அளவுத் தறுவாய்' என்றும், `H-Position` என்பதை 'கிடைநிலை' என்றும் எழுதினால் எது நேரம், எது இடம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். பேச்சில் ஃபேஸ் என்றே சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை.

நடைமுறையில் இன்று இந்தச் சிக்கல் அதிகம் வருவது, பழைய 17 அங்குல மானிட்டரைப் புதிய கணினியோடு எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் வழியாக இணைக்கும்போது. இடது பக்கம் விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை, வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், எழுத்தெல்லாம் மங்கல். இப்படி இருந்தால் முதலில் ரெசல்யூஷன் 1280×1024, 60 ஹெர்ட்ஸ்தானா என்று பாருங்கள். 1024×768 வைத்துவிட்டு ஃபேஸைத் திருகிப் பயனில்லை. 1024 பத்தியை 1280க்கு நீட்டுவதால் வரும் மங்கலை எந்த மெனுவாலும் போக்க முடியாது. பிறகு மானிட்டரைக் கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். சூடேறும்போது தறுவாய் சற்று நகரும்.

அடுத்து, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் நெடுக்குக் கோடுகள் திரை முழுவதும் வேண்டும். இந்த வரியை `test.html` என்று சேமித்து பிரவுசரில் திறந்து, `F11` அழுத்தினால் போதும். பிரவுசர் ஜூமும் கணினியின் ஸ்கேலிங்கும் 100% இருக்க வேண்டும்.

```html
<body style="margin:0;height:100vh;background:repeating-linear-gradient(90deg,#000 0 1px,#fff 1px 2px)">
```

இது திரையில் இருக்கும்போதே `Auto` பொத்தானை அழுத்துங்கள். மானிட்டர் படத்தின் ஓரத்தை வெளிச்சத்தை வைத்துத்தான் தேடுகிறது. கறுப்பு வால்பேப்பரிலோ, இருண்ட லாகின் திரையிலோ `Auto` அழுத்தினால் ஓரம் எங்கே என்று தெரியாமல் படத்தை எங்கோ கொண்டுபோய் வைத்துவிடும். 'ஆட்டோ வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் பல இதில்தான் தொடங்குகின்றன.

அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கையால் செய்ய வேண்டும், `Clock` முதலில். கோடுகளின் மேல் அகலமான மங்கல் பட்டைகள் நெடுக்காகத் தெரிகின்றனவா என்று எண்ணுங்கள். மூன்று பட்டை தெரிந்தால், படம் ஏறத்தாழ மூன்று பிக்சல் அகலம் தவறியிருக்கிறது. வெற்றிடமும் சேர்ந்த முழு வரிக்கு அது நான்கு பிக்சல், அதாவது மானிட்டர் 1688க்குப் பதில் 1692 என்றோ 1684 என்றோ வகுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு திசையில் நகர்த்தி, பட்டைகள் கூடினால் எதிர்த்திசையில் வாருங்கள். கடைசிப் பட்டையும் மறைந்து திரை முழுதும் ஒரே சீராகும் வரை நிறுத்த வேண்டாம். பட்டை இருக்கும்போதே ஃபேஸைத் திருகினால் பட்டைகள் இடவலமாக ஊர்ந்துகொண்டே இருக்கும், போகவே போகாது.

திரை சீரானதும் `Phase`. தவறான இடத்தில் கோடுகள் கரைந்து வெறும் சாம்பலாகும், அல்லது எறும்பு ஊர்வது போல மினுமினுக்கும். மினுமினுப்பு மிக அதிகமாக உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாதிச் சுற்று தள்ளி வையுங்கள். 32 படி என்றால் 16. தெளிவான இடத்தை நேராகத் தேடுவதைவிட இது எளிது. தெளிவு பல படிகளுக்கு ஒரே மாதிரி தெரியும், ஆனால் மிக மோசமான இடம் ஒன்று இரண்டு படிகளில் சிக்கிவிடும்.

கடைசியாக `H-Position`, `V-Position`. `Clock` மாறும்போது படமும் நகரும் என்பதால் இதை முதலில் செய்தால் வீண் வேலை. மானிட்டர் இந்த மதிப்புகளை ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கிறது. அதனால் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரை இன்னும் ஒதுங்கியே தெரிந்தால், நீங்கள் செய்தது வீணாகிவிட்டது என்று பொருளல்ல. அது வேறு ரெசல்யூஷன்.

எழுத்துகளின் வலப்பக்கம் மட்டும் ஒரு நிழல் எழுத்து தெரிந்தால் அது தறுவாயின் கோளாறு அல்ல. சிக்னல் கேபிளில் எதிரொலித்துத் திரும்புகிறது. மட்டமான கேபிள், நீட்டிப்புக் கேபிள், சரியாகத் திருகாத கனெக்டர் ஆகியவற்றில் இது வரும். தடித்த, ஃபெரைட் உருளை கொண்ட குட்டையான கேபிளை மாற்றிப் பாருங்கள்.