ஃபெட் பத்திரம் வாங்கினால் பங்குச் சந்தை ஏன் ஏறுகிறது?

2009 மார்ச் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (ஃபெட் என்றே சொல்வோம்) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நீண்டகால அரசுக் கடன் பத்திரங்களை 30,000 கோடி டாலர் வரை வாங்கப் போகிறோம், வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்களை இன்னும் 75,000 கோடிக்கு வாங்கப் போகிறோம் என்று. அன்றைக்கே 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம், அதாவது அன்றைய விலைக்கு வாங்குபவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருமானம், 3 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட அரை சதவீதம் இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்தத் திட்டத்தில் ஒரு அரசுப் பத்திரம்கூட அதுவரை வாங்கியிருக்கவில்லை.

குவான்டிடேட்டிவ் ஈஸிங் என்பது இதுதான். குறுகிய கால வட்டியை ஏற்கெனவே பூஜ்ஜியத்துக்கு அருகே கொண்டுவந்தாயிற்று, அதற்கு மேல் குறைக்க இடமில்லை, அதனால் நீண்டகால வட்டியை நேரடியாக அழுத்துவது.

அரை சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முகமதிப்பு 100 டாலர், வருடத்துக்கு 3 டாலர் வட்டி, 10 வருடத்தில் முதிர்வு. சந்தையில் எல்லோரும் 3 சதவீதம் கேட்கும்போது இதன் விலை சரியாக 100. இப்போது 2.5 சதவீதம் கிடைத்தாலே போதும் என்று ஆகிவிட்டால், இந்த 3 டாலருக்காகக் கூடுதலாகக் கொடுக்க ஆள் வரும், விலை 104.40-ஐ ஒட்டிப் போகும். அதே பத்திரம் 30 வருடத்துடையது என்றால் சுமார் 110.50. பணம் வந்துசேர எவ்வளவு காலம் ஆகிறதோ, விலையும் அவ்வளவு துள்ளும். நிலமும் கம்பெனிப் பங்கும் பல பத்தாண்டுகளுக்கு வருமானம் தரக்கூடியவை. அவற்றில் இந்த விளைவு ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு, பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். 'நோட்டு அடிக்கிறார்கள்' என்று டிவியில் சொல்வார்கள், அச்சகத்துக்கு இதில் வேலையே இல்லை. ஃபெட் நேராக அரசிடம் போய் வாங்குவதும் இல்லை, ஏற்கெனவே சந்தையில் உள்ள பத்திரங்களை டீலர்கள் வழியாக ஏலத்தில் எடுக்கிறது. ஒரு ஓய்வூதிய நிதியம் 100 டாலர் பத்திரத்தை விற்கிறது என்று வையுங்கள். அதன் வங்கிக் கணக்கில் 100 டாலர் ஏறும், அந்த வங்கிக்கு ஃபெட்டில் இருக்கும் கணக்கில் 100 டாலர் ஏறும். இரண்டுமே கணினியில் ஏறுகிற எண்கள்தான். ஃபெட்டில் உள்ள அந்த இருப்பு கடைத்தெருவுக்கு வராது, வங்கிகளுக்குள்ளேயேதான் சுற்றும். 2008 ஆகஸ்ட்டில் 1 லட்சம் கோடி டாலருக்குக் கீழே இருந்த ஃபெட்டின் சொத்து, 2014 முடிவில் சுமார் 4.5 லட்சம் கோடி ஆன பிறகும் காய்கறி விலை தலைதெறிக்க ஏறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, அந்த நிதியத்தின் கதைக்கு வருவோம். முன்பு 3 சதவீதம் தந்த இடத்தில் இப்போது ஒன்றும் தராத டெபாசிட் இருக்கிறது. 20 வருடம் கழித்து ஓய்வூதியம் கொடுத்தாக வேண்டும், சும்மா வைத்திருக்க முடியாது, அதனால் கம்பெனிக் கடன் பத்திரமோ பங்கோ வாங்கும். ஆனால் அதை விற்றவர் கைக்கு அதே டெபாசிட் போய்ச் சேர்கிறது, இப்போது தலைவலி அவருக்கு! அவரும் வேறெதையாவது வாங்குவார். மொத்தமாகப் பார்த்தால் அந்த டெபாசிட்டை யாராலும் ஒழித்துக்கட்ட முடியாது, கைமாற்றி விடலாம், அவ்வளவே. 'இந்த விலைக்குப் பங்கு வாங்குவதைவிடப் பணத்தையே வைத்துக்கொள்ளலாம்' என்று போதுமான பேர் நினைக்கும் வரை விலைகள் ஏறிக்கொண்டிருக்கும். பணம் பங்குச் சந்தைக்குள் 'பாய்ந்தது' என்பார்கள், எனக்கு அந்தச் சொல் ஒட்டுவதில்லை. பணம் இருந்தது இருந்தபடி, விலைதான் நகர்ந்தது.

இதில் ஆதாயம் யாருக்கு? சொத்து வைத்திருந்தவர்களுக்கு. இதே வேலையைச் செய்த பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2012-இல் கொடுத்த கணக்கின்படி, ஓய்வூதிய நிதிகளை விட்டுவிட்டால், குடும்பங்களின் நிதிச் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு 5 சதவீதக் குடும்பங்களிடம் இருந்தது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் வேலையிழப்பு கூடி எல்லோருக்குமே மோசமாகியிருக்கும் என்பது அந்த வங்கியின் பதில். அதில் நியாயம் உண்டு, ஆனால் செய்யாத ஒன்றின் விளைவை அளப்பது சுலபமில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைகூட 2009 மார்ச் 9-லேயே அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பிவிட்டது, 18-ஆம் தேதி அறிவிப்புக்கு முன்பே. எல்லா ஏற்றத்தையும் ஃபெட் கணக்கில் எழுதிவிட முடியாது.

பேச்சுக்கே விலை ஏறுமென்றால், பேச்சுக்கே இறங்கவும் செய்யும். 2013 மே 22 அன்று ஃபெட் தலைவர் பென் பெர்னான்கி, வாங்கும் வேகத்தை அடுத்த சில கூட்டங்களில் குறைக்கலாம் என்று சொன்னார். நிறுத்துவதாக அல்ல, குறைக்கலாம் என்றுதான். சுமார் 2 சதவீதமாக இருந்த 10 ஆண்டு ஈட்டு விகிதம் செப்டம்பருக்குள் 3 சதவீதத்தை நெருங்கியது. அமெரிக்காவிலேயே நல்ல வட்டி கிடைக்கும் என்றால் வெளிநாட்டில் எதற்கு ரிஸ்க்? மே 22 வாக்கில் டாலருக்கு 55-56 என்றிருந்த நம் ரூபாய், ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டிவிட்டது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது இறக்குமதி போன்றவற்றுக்காக வெளியே போகும் பணம் உள்ளே வருவதைவிடக் கூடுதலாக இருப்பது, ஏற்கெனவே அதிகமாக இருந்ததால் நமக்கு அடி கூடுதலாக விழுந்தது. ஃபெட் குறைப்பை முறைப்படி அறிவித்தது அந்த டிசம்பரில்தான்.